மூன்று மணிக்குப் பேசிய ரியாஸ்

கணபதி பகுதியில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவு மானசாவுடையது. அவிநாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். யாராவது மிதப்பாகப் பேசினால் ஏதாவது குறும்பு செய்து பார்க்காமல் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

இந்த முறை மிதப்பாகப் பேசியவர் சர்வீஸ் மேனேஜர் திருமலைசாமி. விவசாயிகளின் புகாரை ஃபோனில் கேட்கும் வேலைக்கு ஆள் எடுக்க வேண்டும். குரல்தான் முக்கியம் என்பதால் நேர்காணலும் ஃபோனிலேயே. காலை முதல் மாலை வரை ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசுவார்கள். இவர்கள் இருவரும் ஸ்பீக்கரில் கேட்டு ஐந்துக்கு மார்க் போட வேண்டும்.

"நடுவுல ரெண்டு தடவை எந்திரிச்சு நடக்கலாங்களா சார்? சாயங்காலம் ஆனா மார்க் ஒரு பக்கமா சாஞ்சுபோயிருதுங்க" என்றாள் மானசா, நேர்காணலுக்கு முந்தின நாள்.

"அதெல்லாம் உங்களுக்கு அம்மணி. என்ர காது காலைலயும் ஒண்ணுதான், பொழுது போனாலும் ஒண்ணுதான்."

இது போதாதா? மானசா கணக்குப் பிரிவிலிருக்கும் தோழி ஃபர்சானாவைப் பிடித்தாள். கேட்கப்போகும் கேள்விகளுக்குத் தானே உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுத்தாள். காலையில் ஒரு பெயரில், சாயங்காலம் இன்னொரு பெயரில், மாடியிலிருந்து அதே பதிலை அப்படியே சொல்ல வேண்டும்.

காலையில் வேறு பெயரில் பேசிய ஃபர்சானாவிடம் திருமலைசாமி கேட்டார்: "மோட்டார் ஓடுது, தண்ணி வரலைன்னு ஒருத்தர் சத்தம் போடறாரு. என்ன சொல்லுவீங்க?"

"மொதல்ல அவரு சொல்லி முடிக்கட்டும்னு இருப்பேங்க. அப்புறம் மூணு ஃபேஸ் கரண்டும் வருதான்னு கேப்பேன். மெக்கானிக் எப்ப வருவார்னு சொல்லாம ஃபோனை வைக்க மாட்டேங்க."

"நல்ல பொண்ணு" என்று நாலு போட்டார். மானசாவும் நாலு.

மதியம் சாப்பாட்டுக்குப் பின் எல்லாக் குரலும் ஒரே குரலாகக் கேட்கத் தொடங்கியது. இடையில் ஒரு பெண் பிரமாதமாகப் பேசிவிட, அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மட்டமாகத் தெரிந்தார்கள். கேள்வி வாரியாக மார்க் போடுவதை விட்டுவிட்டு, கடைசியில் மொத்தமாக ஒன்றைப் போட்டார் திருமலைசாமி. மானசா அதைக் கவனித்து உள்ளுக்குள் சிரித்தாள்.

மாலையில் ஃபர்சானா 'லோகப்பிரியா' ஆனாள். அதே கேள்வி, அதே பதில், அதே குரல்.

"ரெண்டு போதுங்க. காலைல ஒரு பொண்ணு பேசுச்சே, அந்தத் தெளிவு இதுகிட்ட இல்லை" என்றார் திருமலைசாமி.

மானசா ரெக்கார்டிங் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினாள். ரெக்கார்ட் ஆவது விண்ணப்பித்த எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்ததுதான். திருமலைசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அப்போது டீயோடு உள்ளே வந்தாள் ஃபர்சானா. "உன் மார்க்கையும் பாரு மானசா. மூணு மணிக்கு முகமது ரியாஸ்னு ஒருத்தன் பேசினானே, என்ன போட்டே?"

"ரெண்டு. பேச்சுல உயிரே இல்லை. ஏன்?"

"அவன் என் தம்பி. நீ எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சான், ஒரு வார்த்தை மாத்தாம."

அந்த ரெக்கார்டிங்கும் ஓடியது. தான் எழுதிய பதிலையே அடையாளம் தெரியாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்பது மானசாவுக்கு மெல்லத்தான் ஏறியது. அடுத்தவர் எப்போது சறுக்குவார் என்று பார்த்திருந்த நேரத்தில் தானும் சறுக்கியிருக்கிறாள். திருமலைசாமி இப்போது சிரித்தார். டீ சிந்துகிற அளவுக்கு.

சிரித்து ஓய்ந்ததும் அவரே கேட்டார்: "அப்ப இன்னிக்குப் போட்ட மார்க்கு?"

"நம்ப முடியாதுங்க சார். மறுபடியும் கேட்டுத்தான் ஆகணும்."

மறுநாள் பதிவுகளை முதலிலிருந்து கேட்டார்கள், பெயரை மறைத்து, வரிசையைக் கலைத்து. ஒவ்வொரு கேள்விக்கும் எப்படிப்பட்ட பதிலுக்கு ஐந்து, எதற்கு மூன்று, எதற்கு ஒன்று என்று கேட்கும் முன்பே பேசி முடிவு செய்தார்கள். ஒரு பதில் முடிந்ததும் மார்க். இருவரும் தனித்தனியாகப் போட்ட பிறகுதான் வாயைத் திறப்பது. சிலரைக் கேட்டதும் எழுந்து நடை. மதியம் கழிந்ததும், காலையில் மார்க் போட்ட ஒரு பதிவையே மானசா சொல்லாமல் மறுபடியும் போட்டாள். காலையில் போட்டதைவிட இருவரும் ஒரு மார்க் குறைத்திருந்தார்கள். அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த நாள் காலைக்குத் தள்ளினார்கள்.

முதல் நாள் பொழுது சாய்ந்தபின் பேசி, இரண்டு மார்க்கோடு கழிக்கப்பட்டிருந்த வால்பாறைக்காரி கீதாவுக்கு வேலை கிடைத்தது. இன்று ஃபோனில் எரிந்து விழும் ஆட்களை அவளிடம்தான் மாற்றிவிடுகிறார்கள்.

ஆனால் திருமலைசாமிக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை ஆள் எடுத்தபோது, கிணத்துக்கடவிலிருந்து பயந்து பயந்து பேசிய ஒருவரிடம் அவர் முதலில் கேட்ட கேள்வியே இதுதான்:

"ஏனுங்க, நீங்க நெசமாவே வேலைக்குத்தான் பேசறீங்களா, இல்லை மானசா அம்மணி சொல்லிப் பேசறீங்களா?"