கோணி அடைத்த புகைக்குழாய்

எழுபதுகளில், ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனி விருந்தினர் விடுதியில் நான் பிட்டர். மாடிக் குளியலறையில் ஒரு கேஸ் கீசர் இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார என்ஜினியர் ஒருவர் விட்டுப் போனது. அதற்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஒருநாள் காலை கப்பல் கேப்டன் ஒருவர் குளிக்கப் போனார். கீசர் பற்றவில்லை. தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால்தான் உள்ளே இருக்கும் ரப்பர் தகடு மேலெழும்பி கேஸைத் திறந்துவிடும். அன்று தொட்டியின் துருவெல்லாம் சல்லடையில் அடைத்துக்கொண்டு தண்ணீர் நூலாக வந்தது. பத்து நிமிஷம் கொடுங்கள், கழற்றிக் கழுவிவிடுகிறேன் என்றேன். விடுதி மேனேஜர் கேட்கவில்லை. சமையற்கட்டிலிருந்து சுடுதண்ணீர் வாளியை என்னைத் தூக்க வைத்து, மாடிப்படியில் கேப்டன் முன்னால் நிறுத்தி, என் தோளைத் தட்டினார்.

"இதுதான் சார் நம்ம கீசர். இதுவும் சில நாள் பத்தாது."

கேப்டன் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். விகடம் பண்ணுவது என் வேலை. அதை என் முதுகிலேயே ஏறி ஒருவர் பண்ணினால் பொறுக்குமா?

மேனேஜர் ஞாயிறு தோறும் சர்ச்சில் பூசைக்குப் போகுமுன் அந்தக் கீசரில்தான் குளிப்பார். வந்த ஞாயிறு விடியலில், கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வை முக்கால்வாசி திருகி மூடினேன். அடுப்பைப் பற்ற வைக்கும் பைலட் சுடர் மட்டும் ஒரு விரல்கடை எரியும். பெரிய அடுப்பு பற்றவே பற்றாது. மார்கழிக் குளிரில் சோப்பு நுரையோடு நின்று நடுங்கட்டும். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, மாடி ஜன்னலைப் பார்த்தபடி டீயைச் சுவைத்தேன். அப்படி ஒரு டீயை அதற்கு முன் குடித்ததில்லை.

விடுதி வாட்ச்மேன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னா மாமு, மூஞ்சி பளபளன்னு கீது?"

"ஒண்ணும் இல்ல. சாரு குளிக்கிறாரு."

"பாத்ரூம்ல தொங்குன அவரு துண்டுல நேத்து கரித்தூளு ஒட்டிகினு பேஜாராப் பூட்டாரு. ஹார்பர் தூளு பூரா அந்தத் தகரப் பைப்பு வழியா உள்ள வருதாம். ஏணி போட்டு வெளிய கோணிய அடைன்னாரு. நல்லா இறுக்கி அடைச்சிட்டேன்."

எழுந்துவிட்டேன். அது புகை வெளியேறும் குழாய். அதை அடைத்துவிட்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு கீசரை எரித்தால் விஷக்காற்று அறைக்குள்ளேயே தங்கும். வாசனை கிடையாது. தலை சுற்றும், கால் தள்ளாடும், ஆள் சத்தமில்லாமல் சாய்வான்.

ஓடினேன். மாடிப் படியோரம் இருந்த சிலிண்டரை மூடினேன். கதவைத் தட்டினேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

மேனேஜர் தலை முதல் கால் வரை சோப்பு நுரையோடு, நூலாக வந்த தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யோவ், என்னய்யா இது?"

"சார், உயிரோட கீறீங்களா?"

"குளிர்ல செத்துக்கிட்டு இருக்கேன். உன் கீசர் இன்னிக்கும் பத்தல."

அப்போதுதான் நினைவு வந்தது. அது பற்றாது என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான். அதை மறந்துவிட்டு ஓடி வந்தவனும் நானே. கையில் டீ கிளாஸ் வேறு அப்படியே இருந்தது. டீ என் சட்டையில் இருந்தது. அவரை வதைக்க நான் மூடிய வால்வு அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டது. இதைவிட ஒரு பழிக்கு என்ன அவமானம் வேண்டும்?

விடுவேனா? ஜன்னலைத் திறந்தேன்.

"நகராதீங்க சார், உயிர் சமாச்சாரம். பைப்ப இப்பவே எடுக்கணும்."

மிரண்டுபோய் அங்கேயே நின்றார். அவர் தலைக்கு நேர் மேலே இருந்த புகைக்குழாயின் முழங்கை வளைவைக் கழற்றி, ஒட்டடைக் கம்பால் கோணியை வெளியே குத்தித் தள்ளினேன். குழாயில் சேர்ந்திருந்த துறைமுகக் கரி, புகைக்கரி எல்லாம் மொத்தமாக அவர் மேல் கொட்டியது. ஈரச் சோப்பில் கரி எப்படி ஒட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"சுடுதண்ணி போடுய்யா" என்றார், பல் மட்டும் வெள்ளையாக.

"பைப்பு மாட்டாம பத்த வைக்கக் கூடாது சார். அதுக்கு மத்தியானம் ஆவும். பச்சத்தண்ணி வேணா தரேன்."

வால்வை முழுதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் என்ன வேகம் என்கிறீர்கள்.

சத்தம் கேட்டு அதே கேப்டன் வராந்தாவில் வந்து நின்றார். பிய்ந்த கதவை இன்னும் கொஞ்சம் அகலத் தள்ளினேன்.

"இதுதான் சார் நம்ம மேனேஜர்" என்றேன்.

அன்று பூசையில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததாக வாட்ச்மேன் சொன்னான். காதுமடலில் மட்டும் கரி போகவில்லையாம்.