நிழல் கேட்டு வாங்கிய வீடு

பின்லாந்தின் கயானி ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையை நடத்தி ஓய்வு பெற்றவள் ஹில்கா. எதையும் நாலு நாள் முன்னாலேயே யோசித்து வைத்துவிடுகிற பெண். ஒரு ஹாலே நிறையப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தாலும் சூப் பற்றாமல் போனதில்லை என்பது அவள் பெருமை. அப்படிப்பட்டவள்தான் தெற்கே போக வீடு பிடித்தபோது, எவரும் கேட்காத ஒன்றைக் கேட்டு வாங்கினாள். நிழல் பக்கத்து வீடு.

அவளுடைய கணவன் ஓய்வா, மர லாரி ஓட்டியவர். போன குளிர்காலத்தில் தபால் பெட்டி வரை போய், பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் பயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கோடையில் ஹில்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை வந்தார். நவம்பரில் தரை மறுபடி கண்ணாடியாக உறைந்ததும் ஜன்னலோர நாற்காலிக்குப் போனவர், எழுந்திருக்கவில்லை.

"தினமும் நடக்கணும்," என்றாள் பிசியோதெரபிப் பெண். "இந்தக் குளிர்காலமும் உட்கார்ந்தே போச்சுன்னா, அப்புறம் சக்கர நாற்காலிதான். ஒளிச்சுப் பேசல."

ஜனவரியில் கயானியில் காய்ந்த தரை எங்கே இருக்கிறது? ஹில்கா தெற்கைத் தேட ஆரம்பித்தாள். கேனரித் தீவுகள் இன்னும் கதகதப்பு. ஆனால் அவ்வளவு நேரம் விமானத்தில் மடங்கி உட்கார அந்த இடுப்பு ஒத்துக்கொள்ளாது. மதேயிராவில் பூ பூக்கும், தெருவெல்லாம் மேடு. தாய்லாந்து பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் ஸ்பெயினின் தெற்குக் கரையில் ஃபுவென்ஹிரோலாவைப் பிடித்தாள். மேடில்லாமல், படியில்லாமல், கடலை ஒட்டி நீளமாகப் போகிற நடைபாதை. அது போக, குளிர்காலம் வந்தால் பாதி பின்லாந்து அங்கேதான் இருக்கும்.

அங்கே வீடுகளை வாடகைக்கு விடுகிற சிர்க்கு என்ற பின்லாந்து இளம்பெண் போனில் கேட்டாள்: "ஹில்கா, வெயில் பக்கமா வேணுமா, நிழல் விழுற மலைப் பக்கமா?"

"ஐயோ, வெயில் வேணாம். ஓய்வாவுக்குப் புழுக்கம்னா தூக்கமே வராது. நல்ல நிழலா பாத்துக் குடு."

சிர்க்கு திரும்பக் கேட்டாள்: "நிச்சயமாவா?"

"நிச்சயமா."

போய் இறங்கிய நாளில் வானம் பளிச்சென்று இருந்தது. தெருவில் ஆட்கள் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். வீட்டுக் கதவைத் திறந்ததும் நிலவறையிலிருந்து வருவதுபோல் ஒரு ஈரக்குளிர் முகத்தில் அடித்தது. கல் தரை. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். சூடேற்றும் குழாய் சுவரில் எங்கேயும் இல்லை. கயானி வீட்டில் வெளியே எத்தனை டிகிரி உறைந்தாலும் உள்ளே சட்டையோடு இருக்கலாம். வீடு என்றால் கதகதப்பு, அதைப் போய்க் கேட்பார்களா என்று இருந்துவிட்டாள். கம்பளிக் காலுறைகளைக்கூட எடுத்துவரவில்லை.

ஓய்வா தொப்பியைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அருமையான இடம், ஹில்கா. ஐரோப்பா முழுக்கத் தாண்டி வந்து வீட்டுக்குள்ள குல்லா போட்டு உக்காந்திருக்கேன்."

"ஜன்னலை இறுக்கி மூடிட்டா சரியாயிடும்."

எல்லா ஜன்னலையும் மூடினாள். கதவின் அடி இடுக்கில் துண்டை அடைத்தாள். மறுநாள் குளிர் இன்னும் கூடியது. சிர்க்கு மின்சார ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதோடு காபி மெஷினையும் போட்டதும் ஃபியூஸ் போய் வீடு முழுக்க இருண்டது.

"ஒண்ணு சூடா இருக்கலாம், இல்ல காபி குடிக்கலாம்," என்றார் ஓய்வா. "ரெண்டும் வேணும்னா கயானிக்குத்தான் போகணும்."

"வெயில் பக்கத்துல வீடு கிடைக்காதா?" என்று ஹில்கா சிர்க்குவைக் கேட்டாள்.

"மார்ச் வரைக்கும் எல்லாம் நிரம்பிடுச்சு. அதை நம்மாளுங்க போன கோடையிலயே பிடிச்சு வச்சிட்டாங்க. யாராவது கிளம்பினா உங்களுக்குத்தான் முதல் போன்."

அன்று முழுக்க ஓய்வா போர்வைக்குள்ளேயே இருந்தார். ஜன்னலோர நாற்காலிக்குப் பதில் கட்டில், அவ்வளவுதான் வித்தியாசம். "டிக்கெட்ட மாத்து," என்றார் சாயங்காலம். கிண்டல் போயிருந்தது அந்தக் குரலில். ஹில்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் நண்பகலில் குப்பையைப் போடக் கதவைத் திறந்தபோது, எதிர்வீட்டு என்கார்னி என்கிற அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். மூடிய ஜன்னல்களையும் கதவடித் துண்டையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஸ்பானிஷில் என்னவோ பொரிந்தபடி நேராக உள்ளே வந்து, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து விட்டாள்.

"இவ என்ன பண்றா? இருக்கிற சூடும் போயிடும்!" என்று ஓய்வா கத்தினார்.

போகவில்லை. வெளியிலிருந்துதான் கதகதப்பு உள்ளே வந்தது. வெளியே வீட்டைவிடச் சூடு ஏறியிருந்தது. ஜன்னலைத் திறந்து வீட்டைச் சூடாக்குவது என்பது இரண்டு பேரின் புத்திக்கும் எட்டாத காரியம். என்கார்னி ஓய்வாவின் போர்வையை இழுத்தாள், கடல் பக்கம் கை காட்டினாள், தன் முகத்தை வெயிலுக்கு நிமிர்த்திக் கண்ணை மூடிக் காட்டினாள். மொழியே தேவைப்படவில்லை.

"வீட்டுக்குள்ள குளிருது, தெருவுல காயுது. என்ன ஊருடா இது," என்று முனகிக்கொண்டே அவர் ஊன்றுகோலைத் தேடினார். இன்னொரு கையால் ஹில்காவை இறுகப் பிடித்துக்கொண்டு கடற்கரை நடைபாதையின் முதல் பெஞ்சு வரை வந்து சேர்ந்தார். உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். வெளுத்த நெற்றியில் வெயில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

பிற்பகலில் பின்னாலிருந்த உயரமான கட்டிடத்தின் நிழல் பெஞ்சின் மேல் ஏறியது. நிழல் பட்ட இடம் உடனே சில்லிட்டது.

"அங்க பாரு," என்றார். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே வெயில் விழுகிற இடத்தில் அடுத்த பெஞ்சு இருந்தது. "அது வரைக்கும் போவோம்."

போனார்கள். நிழல் அங்கேயும் வந்தது. அதற்கடுத்ததற்குப் போனார்கள். இப்படியே நாள்கள் போயின. வீட்டுக் குளிர் அவரைக் காலையில் வெளியே தள்ளும். நிழல் அவரைப் பெஞ்சு பெஞ்சாக விரட்டும். ஹில்காவின் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் தளரவே இல்லை. அவள் நிற்கச் சொன்னால் நின்றார், கையை எடுத்தால் கல்லாகிவிட்டார். நடக்கிறார்தான், ஆனால் தன்னோடு ஒட்டிக்கொண்டுதான் என்று அவள் உள்ளுக்குள் சங்கடப்பட்டாள்.

பிப்ரவரி பிறந்த பிறகு ஒரு மதியம் பெஞ்சில் இருந்தபோது சிர்க்கு கூப்பிட்டாள்.

"ஹில்கா, வெயில் பக்கத்து வீடு ஒண்ணு காலியாகுது. பேத்தி பிறந்திருக்குன்னு அங்க இருக்கிறவங்க ஊருக்குக் கிளம்புறாங்க. சூடு காத்து மெஷின் இருக்கு. பால்கனியில நாள் பூரா வெயில். இப்பவே சொல்லணும்."

ஹில்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் சொன்னாள்.

"நாள் பூராவா?" ஓய்வா தாடையைச் சொறிந்தார். "அப்போ நான் அந்தப் பால்கனிய விட்டு எந்திரிக்க மாட்டேன். என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் யோசிக்கிறேன். வேணாம்னு சொல்லிடவா?"

அவர் அவளுடைய காலணிகளையே பார்த்தார். "உன் கால் ராத்திரி ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. தூக்கத்துல நடுங்குற. எனக்குத் தெரியலன்னு நெனச்சியா? எடுத்துக்கறோம்னு சொல்லு."

"நீ உக்காந்துட்டா?"

"சொல்லுன்னா சொல்லேன்."

அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். சாவி எப்போது கிடைக்கும், எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா, குளியலறையில் கைப்பிடி உண்டா என்று கேட்டுக்கொண்டே போனாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெஞ்சு காலி. நிழல் அதன் பாதிவரை வந்திருந்தது.

ஓய்வா கொஞ்ச தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல். பிடிக்க ஆளில்லாத மற்ற கை, சற்றே விலகி, காற்றில் தடுமாறி, பிறகு பக்கவாட்டில் சாதாரணமாக ஆட ஆரம்பித்தது. சைக்கிளில் வந்த ஒருவனுக்கு நின்று வழிவிட்டார். மறுபடி நடந்தார்.

ஹில்காவுக்குக் கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. அவர் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து, தன் பக்கத்தில் வெயில் விழுந்த பலகையைக் கையால் துடைக்கும்வரை அங்கேயே நின்றாள்.