ஓடையோரத்து முப்பத்தெட்டு செண்ட்

விழுப்புரத்தை அடுத்த காணை பக்கத்தில் அப்பாவுக்கு முப்பத்தெட்டு செண்ட் நிலம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் நிலம் என்று முதன்முதலில் வாங்கியவர் அவர்தான். அதுவரை எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். நிலம் சதுரமாக, அளக்க சுலபமாக இருந்தது. ஆனால் சுற்றிலும் ஒரே ஆளுடைய கரும்பு. வண்டி போக வழி கிடையாது. ஒவ்வொரு அறுப்புக்கும் அவரிடம் போய்க் கேட்டுத்தான் நெல்லை வெளியே கொண்டுவர வேண்டும்.

ஒரு நாள் அந்தக் கரும்புக்காரரே வீட்டுக்கு வந்தார். அப்பா இளவயதில் அவர் வயலில் வேலை பார்த்தவர்.

"என் கரும்புக்கு நடுவுல உன் நெலம் குறுக்க நிக்குது. ஓடையோரம் எனக்கு ஒரு துண்டு இருக்குது, அதுவும் முப்பத்தெட்டு செண்ட்தான். வண்டிப்பாதை ஒட்டியே இருக்கு. மாத்திக்கலாம். செண்ட்டுக்கு செண்ட், யாருக்கும் நஷ்டமில்ல."

அப்பா உடனே தலையாட்டிவிட்டார். நான் திண்டிவனத்தில், வீட்டு வரைபடம் போடும் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ஊருக்கு வந்தபோது விஷயம் தெரிந்தது. ஓடையோரத் துண்டைப் போய்ப் பார்த்தேன். நாலு பக்கமும் நாலு நீளம். ஓடைப் பக்கம் கரை வளைந்து வளைந்து போகிறது. பார்வைக்கு முப்பத்தெட்டு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"அளந்து பாத்துட்டு எழுதலாம்பா."

"அவரு பத்திரத்துல இருக்குதும்மா. அவர் பேச்ச நம்பலன்னு ஆயிடும்."

"நம்ம நெலத்தை சர்வேயர் அளந்துதானே பட்டா குடுத்தாங்க? இதையும் அளக்கிறதுல இன்னா தப்பு?"

அம்மா எழுந்து கூந்தலை முடிந்துகொண்டு, "டேப்பு இருக்குதா உங்கிட்ட? நான் ஒரு முனைய பிடிச்சிக்கிறேன்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது அலுவலகத்தில் கேட்டு நூறடி டேப் ஒன்று வாங்கிவந்தேன். வேறு கருவி எதுவும் இல்லை. மறுநாள் காலை அம்மாவும் நானும் நாலு மூலையிலும் குச்சி நட்டோம். ஒழுங்கில்லாத நிலத்தை நேராகப் பெருக்கி எடுக்க முடியாது. ஆனால் எந்த நிலத்தையும் முக்கோணங்களாகப் பிரிக்கலாம். ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் பரப்பளவு கிடைத்துவிடும். கோணம் பார்க்கும் கருவியே வேண்டாம். அதனால் எதிரெதிர் மூலைக்குக் குறுக்காக ஒரு கோடு போட்டு, நிலத்தை இரண்டு முக்கோணமாக்கினேன்.

குறுக்குக்கோடு நூற்றைம்பது அடி. டேப் நூறுக்கு மேல் போகாது. நடுவில் ஒரு குச்சி நட்டு, மூன்று குச்சியும் ஒன்றின் பின் ஒன்று மறைகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இரண்டு இழுப்பாக அளந்தோம். பாதையோரம் நூற்று முப்பத்தொன்று. அதை ஒட்டிய பக்கம் நூற்று முப்பத்தொன்பது. ஓடைப் பக்கம் மூலைக்கு மூலை நேராக நூற்றிருபது. கடைசி வரப்பு தொண்ணூற்றொன்று. ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தேன். வெயில் ஏறியது. அம்மா ஒரு முறைகூட உட்காரவில்லை.

கடைசியில் ஓடை வளைவு. மூலைக்கு மூலை கட்டிய கயிற்றுக்கு அப்பால், கரை வரை இருக்கிற நிலமும் அந்தத் துண்டில் சேர்ந்ததுதான். கரை திரும்புகிற ஒவ்வொரு இடத்திலிருந்தும் கயிற்றுக்கு எவ்வளவு தூரம் என்று எடுக்க வேண்டும். அம்மா கரையில் டேப்பின் முனையைப் பிடித்து நிற்க, நான் கயிற்றின் பக்கம் அகலத்தைப் படித்து, கயிற்றில் அது எத்தனையாவது அடி என்பதையும் குறித்தேன். இரண்டு இடம் முடிந்தபின் அம்மா கத்தினாள்.

"நில்லு. நீ கொஞ்சம் இந்தப் பக்கம் நவுந்தா நீளம் கம்மியாவுது பாரு. நீ சாச்சிப் பிடிக்கிற."

உண்மை. அவசரத்தில் சாய்வாகப் பிடித்திருந்தேன். டேப்பைக் கயிற்றின் மேல் இடமும் வலமும் மெதுவாக ஆட்டி, எந்த இடத்தில் மிகக் குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் செங்குத்து. எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அம்மா சொன்ன பிறகுதான் செய்தேன். முதல் இரண்டையும் அடித்துவிட்டு மறுபடி எடுத்தோம். மொத்தம் ஐந்து திருப்பம். அதிகமான அகலம் பதினாலு அடி.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரிய முக்கோணம் எட்டாயிரத்து நானூற்று ஏழு சதுர அடி. சின்னது ஐயாயிரத்து நானூற்று அறுபது. ஓடையோரத் துண்டுகளில், பக்கத்துப் பக்கத்து இரண்டு அகலத்தின் சராசரியை இடையில் உள்ள தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு. எல்லாம் சேர்த்து பதினாலாயிரத்து எண்ணூற்றுப் பதினாலு. செண்ட்டுக்கு நானூற்று முப்பத்தைந்து புள்ளி ஆறு என்று வகுத்தால் முப்பத்து நாலு.

நாலு செண்ட் குறைகிறது.

அன்று மாலையே கரும்புக்காரர் வீட்டுக்குப் போனோம். அப்பா வாசலோடு நின்றுவிட்டார். நான் தாளை நீட்டினேன். கரும்புக்காரர் முகம் மாறியது.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து முப்பத்தெட்டு. நீ ஒரு நாடாவ வச்சிக்கினு வந்து முப்பத்து நாலுங்கிற?"

"நான் தப்பா அளந்திருக்கலாங்க. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நாளைக்கு நீங்களே வந்து டேப்பைப் பிடிங்க."

சொல்லும்போது உள்ளுக்குள் பயம்தான். ஆனால் பின்வாங்குவதாக இல்லை. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பத்தடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து நிலத்தைத் தாளில் வரைந்தேன். இதுவரை அளக்காத இன்னொரு குறுக்குக்கோட்டை ஸ்கேலில் பார்த்தேன். பதினெட்டரை சென்டிமீட்டர்.

காலையில் அவர் நிலத்துக்கு வந்தார்; அப்பாவும் வந்து வரப்போரம் நின்றார். கரும்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு முனையை அவரே பிடித்தார். "இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. இது வரைக்கும் யாரும் அளக்கல. என் அளவு சரின்னா நூத்தி எண்பத்தஞ்சு அடிக்குக் கொஞ்சம் மேல வரணும். தப்புன்னா வராது" என்றேன்.

இரண்டு இழுப்பு. கடைசியில் அவரே குனிந்து படித்தார். "நூத்தி எண்பத்தஞ்சு. மேல நாலு விரக்கடை."

அவர் தாளை வாங்கி ஓடைப் பக்கம் விரலால் தடவினார். பிறகு கரைக்கு நடந்துபோய், இப்போது தண்ணீர் ஓடுகிற இடத்தைக் காட்டினார்.

"இங்க நாலு பனை நின்னுது. வெள்ளம் வந்தப்ப கரையோட சேத்து அடிச்சிக்கினு போச்சு. அதுக்கப்புறம் நான் அளக்கவே இல்ல. பத்திரத்தைத்தான் பாத்துக்கினு இருந்தேன்." அப்பா பக்கம் திரும்பினார். "நான் ஏமாத்தலப்பா."

"தெரியுங்க" என்றார் அப்பா. அவ்வளவு நேரத்தில் அவர் பேசிய முதல் சொல் அது. பிறகு, நான் எதிர்பார்க்காத விதமாக, "ஆனா நாலு செண்ட் வேணுங்க" என்றார்.

கரும்புக்காரர் ஒப்புக்கொண்டார். பாதைக்கு அந்தப்புறமும் அவர் நிலம்தான் என்றாலும் அது ஒட்டாது. நூற்று முப்பத்தொன்பது அடிப் பக்கத்தை ஒட்டிய வயல் அவருடையது. அங்கே நாலு செண்ட் வர, அகலம் பன்னிரண்டரை அடி வேண்டும். இரண்டு முனையிலும் டேப்பை ஆறடி, எட்டடி, பத்தடி என்று முக்கோணமாக மடக்கி, மூலை செங்கோணமாக வரும்படி எடுத்தேன். அவர் தானே மண்வெட்டியை எடுத்துவந்து புது வரப்புக்கு முதல் வெட்டு வெட்டினார். மீதியை அப்பா வெட்டினார்.

பிறகு அரசு சர்வேயர் வந்து உட்பிரிவு செய்தார். அவர் அளவுக்கும் எங்கள் அளவுக்கும் கால் செண்ட்கூட வித்தியாசமில்லை. விழுப்புரத்தில் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதும்போது, என் தாளைப் பார்த்த பத்திர எழுத்தர், "முதல்ல யார் அளந்தது?" என்று கேட்டார்.

அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "என் பொண்ணும் என் சம்சாரமும்" என்றார்.