ப்ரொபேஷன் மூணு மாசம்

"தங்கறதுக்கு வீடு குடுக்குறாங்களாம்." அந்த ஒரு பேச்சுலதான் நான் மயங்கிப் போனேன்.

என் வீட்டுக்காரர் அப்போ தேரடி வீதிக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜ் ஓட்டல்ல சமையல் மாஸ்டர். வளைகுடா நாட்டுல ஒரு பெரிய ஓட்டலுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு யாரோ சொல்ல, மெட்ராஸுக்கு பஸ் ஏறிப் போயி ஏஜெண்ட் ஆளுங்க முன்னாடி தோசை வார்த்து, சாம்பார் வெச்சு, டெஸ்ட் குடுத்துட்டு வந்தாரு. வந்தவரு சட்டையைக் கூட கழட்டல. "சாப்பாடு ஃப்ரீ. தங்கறதுக்கு வீடும் அவங்களே குடுக்குறாங்களாம்"னாரு. ஏஜெண்ட் வாயால சொன்னது அது. நான் அதைக் கேட்டதும் அடுப்பு மேல இருந்த பாலை மறந்துட்டேன். பொங்கி வழிஞ்சு, மாமியார் கிட்ட பாட்டு வாங்கினேன்.

ஏன் மறக்க மாட்டேன்? மாமனார் வீட்டுல எங்களுக்குன்னு இருந்தது அரிசி மூட்டை அடுக்கற அறை. அதுக்குக் கதவு கிடையாது. என் பழைய நைலக்ஸ் புடவையைத்தான் கதவாட்டம் கட்டித் தொங்க விட்டிருந்தேன். மாமியாருக்குப் புளி வேணும்னாலும், பருப்பு வேணும்னாலும், புடவையை விலக்கிட்டு நேரா உள்ள வந்துடுவாங்க. நாங்க பேசிட்டிருந்தா, "என்னாத்துக்கு இப்ப குசுகுசுன்னு?"ம்பாங்க. கல்யாணம் ஆகி மூணு வருஷம், கையில ஒரு பொம்பளப் புள்ள. புருஷன் கிட்ட ஒரு வார்த்தை கோவமா பேசறதுக்குக்கூட எனக்கு இடம் இல்ல. தாழ்ப்பாள் போட்ட ஒரு ரூம் வேணும், அவ்வளவுதான். அது பாலைவனத்துல இருந்தா எனக்கென்ன?

கொஞ்ச நாள்ல ரிஜிஸ்டர் தபால்ல ஆபர் லெட்டர் வந்துச்சு. கவரு கனமா இருந்தது. நான் பிரிக்கப் போனேன். "தொடாதே, மொதல்ல சாமிக்கு"ன்னு மாமியார் பிடுங்கிட்டாங்க. எங்க வீட்டுல எந்த நல்ல காகிதம் வந்தாலும் அதான் வழக்கம். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, குங்குமம் வெச்சு, கோயிலுக்கு எடுத்துட்டுப் போயி, மகன் பேருக்கு அர்ச்சனை பண்ணி, தட்டுல வெச்சுத் திரும்ப வாங்கிட்டு வந்தாங்க. வர்ற வழியில பூக்காரி, பாத்திரக்கடைக்காரரு, எதிர்வீட்டு அக்கா, எல்லாருக்கும் சேதி சொல்லியாச்சு. சாயந்திரம் சர்க்கரைப் பொங்கல் வெச்சுத் தெருவுக்கே குடுத்தாச்சு. அதுக்கப்புறம்தான் கவரைப் பிரிச்சாங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கறதுக்கு முன்னாடியே ஊர் பூராவுக்கும் அவரு ஃபாரின் போயாச்சு.

படிக்கறதுக்கு ஆள் நான்தான். மாமனார் தாலுகா ஆபீஸ்ல அட்டெண்டரா இருந்து ரிடையர் ஆனவரு. ஃபைலைத் தூக்கித் தூக்கி எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போவணும்னு அவருக்கு அத்துப்படி. ஆனா இங்கிலீஷ் வராது. நான் எஸ்.எஸ்.எல்.சி., அதோட டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். "படிம்மா. ஒண்ணொண்ணா தமிழ்ல சொல்லு"ன்னு மாமா கூடத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தாரு. மாமியார் கீழ. இவரு தூண்ல சாஞ்சுக்கிட்டு நின்னாரு.

நானும் வரிவரியாத்தான் சொன்னேன். வேலை சமையல்காரர், மூணாம் கிரேடு. காண்ட்ராக்ட் ரெண்டு வருஷம், வேலையில சேர்ற நாள்ல இருந்து கணக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துல ஒரு நாள் லீவு. சாப்பாடு ஓட்டல்லயே. சம்பளம் அந்த ஊர்க் காசுல. அந்த வரியை மட்டும் மாமா திரும்பப் படிக்கச் சொன்னாரு. அங்க போய் இறங்கினதும் பாஸ்போர்ட்டை வாங்கி கம்பெனியே பத்திரமா வெச்சுக்கும்.

"நல்லதுதானே. இவன் எங்கயாவது தொலைச்சுடுவான்"னாங்க மாமியார்.

ரெண்டு வருஷம் முடிஞ்சாத்தான் ஊருக்கு லீவு, அப்போ போக வர டிக்கெட் கம்பெனி தரும். அது வரைக்கும் சரி. அடுத்த வரி தங்கற இடம். நான் மனசுக்குள்ள ஒரு தடவை படிச்சேன். திரும்பப் படிச்சேன்.

"என்னம்மா, நின்னுட்ட?"ன்னாரு மாமா.

"வீடு இல்ல மாமா. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். ஒரு ரூமுக்கு நாலு பேரு. தனி ஆளுக்குத்தான் இடம். குடும்பத்தைக் கூட்டிட்டு வர இந்த கிரேடுக்கு அனுமதி இல்லன்னு போட்டிருக்கான்."

நான் இவரைப் பாத்தேன். இவரு தரையைப் பாத்தாரு. மாமியார் மட்டும் என்னையே பாத்தாங்க. "அப்பிடியா போட்டிருக்கு? இல்ல, நீ போறதுக்கு வழியில்லன்னதும் அவனையும் போவாம பண்றியா?"ன்னாங்க.

எனக்கு வந்த ஆத்திரத்துல காகிதத்தை அப்பிடியே அவங்க மடியில போட்டிருப்பேன். போடல. பல்லைக் கடிச்சுக்கிட்டு அடுத்ததைப் படிச்சேன். அடுத்தது ப்ரொபேஷன். முதல் மூணு மாசம் ப்ரொபேஷன், அதுக்குள்ள வேலை திருப்தியில்லன்னா கம்பெனி நிறுத்திடலாம், காரணம் சொல்லத் தேவையில்ல.

நான் அந்த வார்த்தையைச் சொல்லி வாய் மூடல. மாமா நாற்காலியை விட்டு எழுந்துட்டாரு. "ப்ரொபேஷன் போட்டிருக்கானா! அடேய், அப்ப இது பர்மனெண்ட் வேலைடா!"ன்னு இவரு முதுகுல ஒரு தட்டு தட்டினாரு. அவருக்குத் தெரிஞ்ச ப்ரொபேஷன் கவர்மெண்ட் ப்ரொபேஷன். அவர் சர்வீஸ்ல ப்ரொபேஷன்ல வந்தவன் யாரும் வீட்டுக்குப் போனதில்ல. டெம்பரரி ஆளைத்தான் எப்ப வேணா அனுப்புவான், ப்ரொபேஷன்னு எழுதிட்டா அவன் பென்ஷன் வாங்கற வரைக்கும் அசைக்க முடியாது, அதான் அவரு கணக்கு.

"இல்ல மாமா, இது வேற. பிடிக்கலன்னா அனுப்பிடுவாங்க. அவங்க அனுப்பினா திரும்பி வர்ற டிக்கெட் அவங்க செலவு. இவரா வேணாம்னு ரெண்டு வருஷத்துக்குள்ள வந்தா, டிக்கெட்டும் இவர் செலவு, இவரு போன டிக்கெட்டுக்கு அவங்க செலவழிச்சதையும் திருப்பிக் கட்டணும்"னேன். குரல் எனக்கே கிறீச்சுன்னு கேட்டது.

"உனக்கு ஆபீஸ் விவகாரம் என்னம்மா தெரியும்? முப்பது வருஷம் நான் பாத்திருக்கேன்"னாரு.

மாமியாருக்கு இன்னும் சந்தேகம் தீரல. மறுநாள் காலையில அதே தெருவுல இருந்த வக்கீல் குமாஸ்தாவைக் கூப்பிட்டு வந்து, என்னை சமையல்கட்டுக்குப் போகச் சொல்லிட்டு, லெட்டரை அவர் கிட்ட குடுத்தாங்க. நான் கதவோரம் நின்னு கேட்டேன். அந்த மனுஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு, நிதானமாப் படிச்சுட்டு, "உங்க மருமக சொன்னது ஒரு எழுத்து பிசகல"ன்னாரு. அப்பாடான்னு எனக்கு மூச்சு வந்துச்சு. உடனே, "ஆனா எல்லா காண்ட்ராக்டும் இப்பிடித்தான் பயமுறுத்தும். கை சுத்தமா சமைக்கிற பையன், யார் அனுப்பப் போறா?"ன்னுட்டு காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. போன மூச்சு வந்து, வந்த மூச்சு போச்சு.

மத்தியானம் இவரு புடவையை விலக்கிட்டு அறைக்குள்ள வந்தாரு. "நீ சொல்லு. கையெழுத்துப் போடவா, வேணாமா?"ன்னு கேட்டாரு.

நான் என்னன்னு சொல்லுவேன்? வேணாம்னா, புருஷன் பொழப்பைக் கெடுத்தவள்னு ஆயுசு பூரா கேக்கணும். போடுங்கன்னா, அந்த மூட்டைங்க நடுவுல நான் ஒண்டியா கிடக்கணும். லாட்ஜ் முதலாளி வேற சேதி கேள்விப்பட்டு இவர் அடுப்புக்கு வேற மாஸ்டரைப் பேசி முடிச்சுட்டாரு. சாமி பாதத்துல வெச்ச காகிதம், தெருவே பொங்கல் தின்னாச்சு. "என்னை ஏன் கேக்கறீங்க? எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்கீங்க?"ன்னேன். வெளிய மாமியார் இருமினாங்க.

ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ கையெழுத்து. எங்கெங்க போடணும்னு நான்தான் விரலை வெச்சுக் காட்டினேன். ஒரு காப்பி ஏஜெண்டுக்கு, ஒண்ணு எங்களுக்கு. விசா, எமிகிரேஷன் முத்திரை எல்லாம் மெட்ராஸ்லயே முடிஞ்சு, அடுத்த மாசமே கிளம்பிட்டாரு.

அவரு போனப்புறம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? வெக்கமில்லாம சொல்றேன், அவரை அனுப்பிடணும்னு வேண்டிக்கிட்டேன். மூணு மாசத்துக்குள்ள பிடிக்கலன்னு சொல்லி அவங்க செலவுலயே திருப்பி அனுப்பிடணும். எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான். பௌர்ணமியில புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு எங்க ஊரு மலையைச் சுத்தினேன். மாமியார், "புருஷன் நல்லா இருக்கணும்னு சுத்தறா பாரு"ன்னு எதிர்வீட்டுல பெருமையா சொன்னாங்க. அதைக் கேட்டு எனக்கு சிரிப்பு வர்றதா அழுகை வர்றதான்னு தெரியல.

நாலாவது மாசம், கம்பெனி லெட்டரை வெச்சு அவரு அனுப்பின கவரு வந்துச்சு. மறுபடி மஞ்சள், மறுபடி கோயில். அப்புறம் கூடத்துல நான் படிச்சேன். ப்ரொபேஷன் திருப்தியா முடிஞ்சது, வேலை உறுதி செய்யப்படுதுன்னு நாலே வரி. "பாத்தியா, நான் சொல்லல? பர்மனெண்ட்!"னு மாமா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, ஜிலேபி வாங்கக் கிளம்பிட்டாரு. எனக்கு ரெண்டு ஜிலேபி குடுத்தாங்க. தின்னேன்.

ரெண்டு வருஷம் முடிஞ்சு லீவுல வந்தாரு. கறுத்து, கொஞ்சம் தொப்பையோட. மாமியார், மாமா, தெரு ஜனம் எல்லாம் பாத்து முடிச்சு, என் கிட்ட வர ரெண்டு நாள் ஆச்சு. அதே அறை, அதே மூட்டை. புள்ளை அவரைப் பாத்து பயந்து என் முந்தானையில ஒளிஞ்சுக்கிச்சு.

"நீ படிச்சது அத்தனையும் உண்மை. நாலு பேரு, அடுக்குக் கட்டில். எனக்கு மேல் கட்டில், தலைக்கு மேல ஃபேன்"னாரு. அப்புறம் குரலைத் தணிச்சு, "அவங்க அனுப்பினா அவங்க டிக்கெட்னு சொன்ன இல்ல? அது மண்டையிலயே இருந்துச்சு. மூணு மாசம் முடிய ரெண்டு நாள் இருக்கறப்ப, பெரிய செஃப் ருசி பாக்க வர்றான்னு தெரிஞ்சு, சாம்பார்ல போடக் கை நிறைய உப்பை அள்ளிட்டேன். இதைப் போட்டா ஊருக்குப் போயிடலாம்னு நின்னேன்"னாரு.

"போட்டீங்களா?"

"கை வரலம்மா. நல்ல சாம்பாரு. எப்பிடிப் போடறது?"

எனக்கு அப்பிடி ஒரு கோவம். "போட்டிருக்கலாம் இல்ல! ஒரு பிடி உப்புதானே! போட்டிருந்தா என்ன, குடியா முழுகிடும்?"னு கத்திட்டேன். வெளிய கேட்டிருக்கும். கேக்கட்டும்னு கத்தினேன். அவரு என் கையைப் பிடிச்சாரு. என் கோவம் எங்க போச்சுன்னே தெரியல, அவரு தோள்ல முகத்தை வெச்சு அழுதேன். அவரும் அழுதாரு.

கொஞ்ச நேரம் கழிச்சு பெட்டியைத் திறந்து, புதுசா ஒரு காகிதத்தை எடுத்துக் குடுத்தாரு. "அடுத்த ரெண்டு வருஷத்துக்கு. அங்கயே கையெழுத்து வாங்கிட்டாங்க. என்ன போட்டிருக்குன்னு பாரு"ன்னாரு.

மொதல்ல தங்கற இடத்தைத் தேடினேன். அதே ரூம், அதே நாலு பேரு. அப்புறம் ப்ரொபேஷனைத் தேடினேன். ஒவ்வொரு பக்கமா, ஒவ்வொரு வரியா, விரலை வெச்சுத் தேடினேன். இந்தத் தடவை ப்ரொபேஷன் இல்ல.