கோர்ட்டில் கேட்ட லீவு

எங்களுக்குப் பழைய சாமான் வியாபாரம். காரைக்குடிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ஆன்டிக் என்பார்கள்; எனக்கு அது சாமான்தான். வீட்டுக்காரர் சார்ஜாவில் இருக்கிறார். கடை, கணக்கு, கையெழுத்து எல்லாம் என் தலையில். அதனால் கோர்ட் அமீனா கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, யாரையும் கைகாட்டிவிட்டு நழுவ வழியில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு கட்டுக் காகிதம். வழக்குப் போட்டிருந்தவர் கண்டனூர் ஆச்சி. சென்னையில் மகன் வீட்டில் இருப்பவர். கல்யாணம், திருவிழா என்றால் கண்டனூர் பெரிய வீட்டைத் திறக்க வருவார். வந்தால் என் கடைக்கு வராமல் திரும்ப மாட்டார். கடை நடுவில் பர்மாத் தேக்கில் ஓர் ஊஞ்சல் தொங்கியது. வலையபட்டியில் ஒரு வீட்டில் வாங்கினேன். எத்தனையோ பேர் கேட்டும் அதற்கு மட்டும் விலைச்சீட்டு கட்டியதில்லை. ஆச்சி நேரே போய் அதில் உட்காருவார். நான் காபிக்குச் சொல்லி அனுப்புவேன். ஊர் வம்பு முழுக்கப் பேசி முடித்த பிறகுதான் எழுந்திருப்பார். அந்த ஆச்சிதான் என்னிடமிருந்து ஆறு லட்சத்தையும் அதற்கு வட்டியையும் வசூலித்துத் தரச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

ஆறு லட்சம் வந்த கதை இது. நாங்கள் பேசியது எட்டு லட்சத்துக்கு. அந்த வீட்டில் பங்காளிகளுக்கு ஆளுக்கொரு அறை. அவரவர் பூட்டு, அவரவர் சாவி. ஆச்சியின் அறையில் இருந்த தேக்குப் பெட்டகம், மங்குச் சாமான் என்கிற பழைய பீங்கான் பாத்திரங்கள், நிலைக்கண்ணாடி எல்லாம் சேர்த்து நான்கு லட்சம். பக்கத்து அறை மலேசியாவில் இருக்கும் அவருடைய கொழுந்தன் மகனுடையது. "அவன் சரின்னுட்டான், நீ பேசி முடி" என்று ஆச்சி சொன்னதால் அந்த அறைச் சாமானுக்கும் நான்கு லட்சம் என்று முடித்தோம். இரண்டு லட்சத்தைக் கையோடு கொடுத்தேன். மீதி ஆறுக்குப் புரோநோட்டு.

நோட்டு கடையில் விற்கும் அச்சடித்த ஃபாரம்தான். 'இன்று தங்களிடம் நான் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட' என்று தொடங்கும். அதற்குக் கீழே வட்டிக்கு ஒரு வரி, விகிதத்தை நாம் நிரப்ப வேண்டும். எங்களுக்கு வட்டி ஹராம். வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைக் கண்டுபிடித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் நானும் ஆச்சியும் சின்னதாகக் கையெழுத்துப் போட்டோம். பிறகு ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் நான் பெரிதாகப் போட்டேன். மறுமையில் எனக்கு எந்தக் கேள்வியும் வராது என்று நிம்மதியாக இருந்தது. மேலே இருந்த 'ரொக்கமாக' என்ற சொல் கண்ணில் படவே இல்லை. ஆச்சி கையிலிருந்து என் கைக்கு ஒரு பைசா வந்தது கிடையாது.

ஆச்சியின் அறைச் சாமானை ஏற்றிக்கொண்டு வந்தேன். கொழுந்தன் மகனுக்கு அதற்குள் மனம் மாறிவிட்டது. சாவி வரவில்லை. ஆச்சி அவனோடு போனில் மல்லுக்கு நின்றதை, அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்க நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நான் தரவேண்டிய இரண்டு லட்சத்தை, அந்த அறை திறந்ததும் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். ஆச்சி கணக்கில், சாமான் போய்விட்டது, பணம் வரவில்லை. அவர் மகன் நோட்டை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார்.

என் வக்கீல் என்னைவிட இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். கட்டைப் பிரித்ததும் முதல் பக்கத்தைக் காட்டினார்.

"அக்கா, இது சம்மரி சூட். வழக்கு நம்பருக்குக் கீழேயே ஆர்டர் முப்பத்தேழுன்னு போட்டுருக்காக பாருங்க. பத்து நாளைக்குள்ள ஆஜர் கொடுக்கணும்."

"கொடுத்துட்டு, நடந்ததை எழுதிக் கொடுத்துருவோம்."

"இதுல அப்படி முடியாதுக்கா. எழுதிக் கொடுத்த நோட்டு கையில இருக்குல்ல. நீங்க எதிர்த்துப் பேசணும்னா, பேச அனுமதி வேணும்னு மொதல்ல கேக்கணும். லீவ் டு டிஃபெண்ட்டுன்னு பேரு. லீவு கிடைச்சாத்தான் பதில் மனு, சாட்சி, விசாரணை எல்லாம். கிடைக்கலைன்னா அன்னைக்கே தீர்ப்புத்தான்."

என்மேல் போட்ட வழக்கில் வாய் திறக்க நான் லீவு கேட்க வேண்டும். ராத்திரி வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "கோர்ட்டுக்குத்தான் மே மாசம் லீவு விடுவாகளே, அதை நீ எதுக்குக் கேக்குற?" என்றார்.

அவ்வளவோடு போகவில்லை. வட்டி வருடத்துக்கு நூற்றுக்குப் பதினெட்டு என்று கேட்டிருந்தார்கள்.

"வட்டியத்தான் அடிச்சுட்டேனே தம்பி."

"அடிச்சதுதான் வினை. நோட்டுல எவ்வளவுன்னு எழுதலைன்னா, சட்டமே பதினெட்டுன்னு போட்டுக்கிரும்."

மற்றவர்களைப் போல மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று எழுதியிருந்தால் பன்னிரண்டோடு போயிருக்கும். மார்க்கத்தைப் பேணியதற்கு ஆறு கூடுதல்.

வக்கீல் ஆஜர் கொடுத்தார், எதிர்த் தரப்பு வக்கீலுக்கும் தெரிவித்தார். சில வாரம் கழித்து இன்னொரு அழைப்பாணை வந்தது. பழையதைத்தான் மறுபடி அனுப்பியிருக்கிறார்கள் என்று மங்குத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். மறுநாள் பேச்சுவாக்கில் வக்கீலிடம் சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது.

"அதுதான் தீர்ப்புக்கான அழைப்பாணை. அது கைக்கு வந்ததுல இருந்து பத்து நாளைக்குள்ள லீவு மனு போடலைன்னா அவுக கேட்டதெல்லாம் அப்படியே தீர்ப்பாயிரும். கடைச் சாமானை ஜப்தி பண்ண வருவாக. அதை எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

அதனுடன் ஆச்சியின் சத்தியப் பிரமாணம் இணைத்திருந்தது. கடன் உண்மை, தொகை உண்மை, எனக்குத் தெரிந்தவரை பிரதிவாதியிடம் சொல்லிக்கொள்ளும்படியான எதிர்வாதம் ஏதும் இல்லை என்று அதில் இருந்தது. கீழே ஆச்சியின் கையெழுத்து, நோட்டில் சின்னதாகப் போட்ட அதே வளைவு. என் ஊஞ்சலில் உட்கார்ந்து அந்த அறைச் சாவிக்காகக் கத்தியவருக்கு என் எதிர்வாதம் தெரியாதாம். ஆறு லட்சம் கேட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

மனுவோடு நானும் ஒரு பிரமாணம் கொடுக்க வேண்டும். என் தரப்பு என்ன என்பதை அதில் விவரமாகச் சொல்ல வேண்டும், வெறுமனே 'கடன் இல்லை' என்றால் பத்தாது. வக்கீல் கேட்டுக் கேட்டு எழுதினார். இது கடன் அல்ல, சாமான் விலை, அறைவாரியாகப் பேசியது, ஓர் அறை திறக்கவே இல்லை. எழுதி வந்தவர் ஓர் இடத்தில் பேனாவை வைத்தார்.

"மொத அறைச் சாமான் நாலு லட்சத்துக்கு வந்துருச்சு. ரெண்டு கொடுத்தீக. மிச்ச ரெண்டு தரணும்னு ஒத்துக்கிறீகளா? ஒத்துக்கிட்டா அதைக் கோர்ட்டுல கட்டணும். கட்டாம லீவு தர மாட்டாக."

வீட்டுக்காரர் போனில் இருந்தார். "ஒண்ணுமே தர வேண்டியதில்லைன்னு எழுதச் சொல்லு. அப்பக் கட்ட வேண்டாம்ல."

"அண்ணே, இது சத்தியம் பண்ணிக் கொடுக்கிறது," என்றார் வக்கீல். "நடந்ததை அக்கா சொல்லட்டும், நான் எழுதுறேன். பொய்னு ஜட்ஜுக்குப் பட்டா மொத்தமும் போயிரும்."

தேக்குப் பெட்டகத்தைக் கொச்சியில் ஒரு ஹோட்டலுக்கு விற்று, லாபத்தையும் செலவழித்தாகிவிட்டது. வட்டி வரியை ஸ்கேல் வைத்து அடித்தவள் அசலை விழுங்கினால், அந்தக் கோட்டுக்கு என்ன மரியாதை? "ரெண்டு லட்சம் தரணும்னு எழுதுங்க தம்பி" என்றேன். வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டார்.

லீவு மனு எடுக்கப்பட்ட அன்று ஆச்சி வரவில்லை, மகன் வந்திருந்தார். அவருடைய வக்கீல் நோட்டை நீட்டி, 'ரொக்கமாக' என்ற சொல்லை மூன்று தடவை வாசித்தார். ஒவ்வொரு தடவையும் நான் தரையைப் பார்த்தேன். என் வக்கீல் எழுந்து, அதே நோட்டில் அடித்திருந்த வட்டி வரியைக் காட்டினார். ஆறு லட்சத்தை ரொக்கமாகக் கடன் கொடுக்கிறவர், வட்டி வேண்டாம் என்று தானும் கையெழுத்துப் போடுவாரா? சாமான் விற்றவர் போடுவார் என்றார்.

ஜட்ஜ் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வாதியும் இங்க கையெழுத்துப் போட்டிருக்காங்களே?"

"தெரிஞ்சவங்க, கைமாத்தாக் கொடுத்தது" என்றார் எதிர் வக்கீல்.

"கைமாத்தா, வியாபாரமாங்கிறதை விசாரிச்சுத்தானே சொல்ல முடியும்?"

பதினெட்டு வட்டியை என் தலையில் கட்டிய கோடு, அன்றைக்கு எனக்கு வாய் வாங்கிக் கொடுத்தது. உத்தரவு இதுதான்: எதிர்வாதம் வீண் பேச்சு அல்ல, விசாரிக்க வேண்டியது, ஒப்புக்கொண்ட இரண்டு லட்சத்தை இரண்டு வாரத்துக்குள் கட்டினால் லீவு உண்டு, கட்டாவிட்டால் கிடையாது.

கையில் ஒன்றே கால் லட்சம் இருந்தது. நகையை வைத்தால் வட்டி, கைமாற்றுக் கேட்டால் ஊர் முழுக்கச் செய்தி. எதிர்க்கடைக்காரர் நான்கு வருடமாக ஊஞ்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். முக்கால் லட்சம் கொடுத்தார், அதற்கும் பேரம் பேசினார். ஊஞ்சல் சங்கிலியைக் கழற்றும்போது நான் உள்ளே போய் மங்குத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பணத்தைக் கோர்ட்டில் கட்டினோம், லீவு கிடைத்தது. வழக்கு இனிமேல்தான் தொடங்கும் என்று வக்கீல் வாழ்த்தினார்.

ஆவணியில் கண்டனூரில் ஒரு கல்யாணம். வழக்கு நடக்கிற கடைக்கு ஆச்சி வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார்.

"வாங்க ஆச்சி. எப்ப வந்தீக?"

நேரே கடை நடுவுக்குப் போனார். உட்காரப் போன பழக்கத்தில் திரும்பி நின்று, பின்னால் கையை நீட்டிப் பலகையைத் தேடினார். கை சும்மா ஆடியது.

"ஊஞ்சல் எங்கம்மா?"

"கோர்ட்டுல இருக்கு ஆச்சி."

மேலே இரண்டு கொக்கிகள் மட்டும் இருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுல கொடுத்த அந்தப் பேப்பரை நான் படிக்கலைம்மா. மகன் போடச் சொன்னான், போட்டேன்."

"நானுந்தான் நோட்டைப் படிக்காமப் போட்டேன், ஆச்சி."

கடையில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. அவருடைய அறையிலிருந்து வந்ததே இரண்டு இருந்தன. ஆச்சி எதிலும் உட்காரவில்லை. காபி வந்தது. இருவரும் நின்றுகொண்டே குடித்தோம்.