எல்லாரும் உள்ளிருந்தே வந்தார்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி. ஆரையம்பதிச் சந்தையில் நேற்றைக்கும் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்தப் புத்தியோடுதான் மட்டக்களப்பில் நாலைந்து விடுதிகளின் இணையத்தளங்களை ஒரு சேர்வரில் வைத்து நடத்துகிறேன். கூட வேலை செய்பவள் ஒருத்தி மட்டும். கணவருக்கு மாற்றல் கிடைத்து அவள் வாகரைக்குப் போனாள். அங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல இணைப்பு ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தினுடையது. இணையத்தளங்களுக்கான வாசலான 443ஆம் போர்ட்டைத் தவிர வேறெதாலும் அது வெளியே விடாது. சேர்வருக்குள் நுழைய முடியாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

அந்தப் போர்ட்டிலோ எங்கள் தளங்கள் இருந்தன. அவள் இணைப்புகளை வாங்கிப் பிரித்து அனுப்பும் Nginx மென்பொருளின் stream பகுதியை முன்னால் நிறுத்தினாள். வருகிற இணைப்பு எந்தப் பெயரைத் தேடுகிறது என்பதை, அதை மூடியிருக்கும் மறையாக்க உறையைப் பிரிக்காமலே, முதல் வணக்கத்தில் அது வாசித்துவிடும். விடுதிகளின் பெயர் என்றால் தளங்களுக்கு அனுப்பும். அவள் வைத்த தனிப் பெயர் என்றால் இன்னொரு பகுதிக்கு அனுப்பும். அங்கே TLS உறை கழற்றப்பட்டு தூரத்திலிருந்து சேர்வரை இயக்க நுழையும் SSH லொகினுக்குப் போகும். வெறும் SSH இணைப்பு தான் தேடும் பெயரைச் சொல்லாது என்பதால் தன் கணினியிலேயே அதை உறைக்குள் போட்டு அனுப்பினாள்.

இரண்டு கிழமை நன்றாகத்தான் ஓடியது. பிறகு லொகின் பதிவைப் பார்த்தேன். நான் SSH-இன் வழமையான 22ஆம் போர்ட்டால் வந்ததற்கு அலுவலக முகவரி இருந்தது. அவள் வந்த ஒவ்வொரு தடவைக்கும் 127.0.0.1, அதாவது இந்த இயந்திரமே. வாகரையில் இருப்பவள் எப்படி உள்ளுக்குள் இருந்து வருவாள்? தன் பெயரில் நுழைய சேர்வருக்குள்ளேயே ஏதோ நிரலை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. சேர்வரில் இருந்த அவளுடைய நுழைவுச் சாவியை அழித்தேன்.

அரை மணித்தியாலத்தில் அழைத்தாள். காரணத்தைச் சொன்னேன்.

"அண்ணன், நீங்களும் ஒருக்கா அந்த வழியால வந்து பாருங்க."

வந்தேன். பதிவில் என் பெயர், பக்கத்தில் 127.0.0.1. உறையைக் கழற்றி உள்ளே கொடுப்பது Nginx. SSH-க்குத் தெரிவது அதன் முகம் மட்டும். உண்மையான முகவரிகள் stream-இன் பதிவில் இருந்தன, அவள் வந்தவை எல்லாம் அந்த நிலையத்தினுடையவை. Nginx-இன் அமைப்புக் கோப்பின் தலையிலும், பதிவில் 127.0.0.1 என்றுதான் விழும் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். குற்றம் தேடி மூன்று தடவை அந்தக் கோப்பை வாசித்தவன் நான். வெட்கமாகப் போயிற்று.

சாவியைத் திரும்பப் போட்டேன், மன்னிப்பும் கேட்டேன். "பறவாயில்ல அண்ணன். இனி உள்ள வரக்குள்ள சொல்லிட்டு வாறன்" என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கைபேசியில் ஒரு வரி வருகிறது: "உள்ள வாறன் அண்ணன்." சொல்ல வேண்டாம் என்று எழுத இன்றுவரை எனக்கு முகமில்லை.