விட்டுப்போன ஓர் 'ஆம்'

அந்த மரச்சாமான் தொழிற்சாலையில் அவளுக்கு 'மெயிலக்கா' என்று பெயர் விழுந்து பதினாறு வருடம் ஆகிறது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட வாய்கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அவரவர் வாய்க்கு வந்ததைக் கைபேசியில் தட்டி அவளுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கோட்டுப் போட்டு, டை கட்டி, இங்கிலீஷில் அனுப்பி வைப்பது அவள் வேலை.

அதில் அவள் கெட்டிக்காரி. வரைபடத்தில் அளவைத் தப்பாகப் போட்டு அனுப்பிய ஒருவரைப் பற்றி, "அந்தாளுக்குக் கண்ணு பின்னாடியா இருக்கு? மூணாவது தடவையா தப்பு பண்றான்" என்று தச்சுப் பிரிவிலிருந்து எழுதி வந்தால், இணைத்துள்ள வரைபடத்தின் அளவுகளைத் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை சரிபார்க்கும்படி வேண்டுகிறோம், இது மூன்றாவது திருத்தம் என்பதையும் நினைவூட்டுகிறோம் என்று போகும். திட்டு போய்விடும், மூன்றாவது தடவை என்பது மட்டும் போகாது. கோபத்தைக் கழிக்கலாம், விஷயத்தைக் கழிக்கக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் கழித்தது ஒரே ஓர் அசை. அதுதான் மூன்று நாளாக அவளைச் சோறு இறங்க விடாமல் செய்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். குழந்தைகள் படுக்கும் தொட்டில்கட்டில் முந்நூறு அனுப்ப வேண்டியிருந்தது. பிள்ளைகள் கம்பியைக் கடிக்கும், சப்பும். அதனால் பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் சோதித்து ரிப்போர்ட் வாங்க வேண்டும். வாங்குகிற கம்பெனிக்காரர் அவசரத்தில் இருந்தார். சோதனை முடிவை மெயிலில் உறுதி செய்யுங்கள், சரக்கை ஏற்றிவிடலாம், காகிதம் பிறகு வரட்டும் என்றார். முதலாளி அவள் மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். அந்த நேரத்தில்தான் பெயிண்ட் சூப்பர்வைசரிடமிருந்து தகவல் வந்தது.

"அக்கா, டெஸ்ட் ரிப்போர்ட் வந்துருச்சாம். எல்லாம் பாஸாம். சொல்லிடுங்க."

வந்துருச்சாம். பாஸாம். சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். தமிழ் தெரிந்த சின்னப் பிள்ளைக்குக்கூட இது புரியும். அவளுக்கும் புரிந்தது. இங்கிலீஷில் அந்த 'ஆம்' மாதிரி வார்த்தைக் கடைசியில் சேர்க்க ஓர் ஒட்டு கிடையாது, தனியாக ஒரு வாக்கியத்தையே செலவழிக்க வேண்டும். 'வீ ஆர் கிவன் டு அண்டர்ஸ்டாண்ட்' என்று அடித்தாள். எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அடித்துவிட்டுப் பார்த்தாள். முதலாளிக்கு இந்த மாதிரி வழவழா வாக்கியம் ஆகவே ஆகாது. இதை அனுப்பினால் எதிர்ப்பக்கம், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேள்வி வரும், சரக்கு நிற்கும். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, எங்கள் பெயிண்ட் சூப்பர்வைசர் உறுதி செய்வதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று அடித்தாள். நன்றாக இருந்தது. முதலாளி தலையாட்டினார்.

சரக்கு போன பிறகுதான் தெரிந்தது, வந்திருந்த ரிப்போர்ட் முந்தைய சரக்கின் வெள்ளைப் பெயிண்டுக்கானது. ஸ்டோர்க்காரர் அதைத்தான் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். இந்தக் கட்டில்களுக்கு அடித்த மஞ்சள் பெயிண்டு சோதனையில் தேறவில்லை. வாங்கியவர் தன் ஊரில் இன்னொரு முறை சோதித்துப் பார்த்ததால் கட்டில்கள் கிடங்கோடு நின்றன. எந்தக் குழந்தையும் கடிக்கவில்லை. உங்கள் சூப்பர்வைசர் எதை வைத்து உறுதி செய்தார் என்று அங்கிருந்து கேட்டு மெயில் வந்தது. முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர்களுக்கு எழுத்தில் விளக்கம் கொடு, அவர்கள் ஏற்றுக்கொண்டால் வேலை, இல்லையென்றால் கிளம்பு என்று சொல்லிவிட்டார்.

சூப்பர்வைசர் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் மனிதர். மூன்றாம் நாள் காலை, ஒரு நோட்டுத்தாளை நாலாக மடித்துக்கொண்டு அவளிடமே வந்தார். வேறு யாரிடம் போவார்?

"என் போன்ல பழைய மெசேஜெல்லாம் அழிச்சுட்டேன்க்கா, இடம் பத்தலன்னு. என்ன எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. வந்துருச்சுன்னே எழுதித் தொலைச்சிட்டேன் போல. நீங்க எழுதுனா தப்பா இருக்காது."

அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த அவள் கைபேசிக்குள் அந்தத் தகவல் அப்படியே இருந்தது. இந்த மூன்று நாளில் முப்பது தடவையாவது திறந்து பார்த்திருப்பாள். அழித்துவிட்டால் ஒரு பயலுக்கும் தெரியாது என்று ஒரு தடவை நினைத்ததும் உண்மைதான். நினைத்ததற்காகத் தன்னைத்தானே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

தாளை வாங்கிப் படித்தாள். "ஸ்டோர்ல சொன்னத நம்பினேன். பாக்காம சொன்னது என் தப்புதான். குழந்தைங்க விஷயம், நான் வெளையாட மாட்டேன் சார். எனக்கும் புள்ளைங்க இருக்கு. இந்த ஒரு தடவை பாத்துப் பண்ணுங்க."

கடைசி வரியைக் கருணையோடு பரிசீலிக்கும்படி வேண்டுகிறேன் என்று சுலபமாக மாற்றிவிடலாம். கை பழக்கத்தில் பாதிவரை மாற்றியும்விட்டது. மேலே இருந்த, பார்க்காமல் சொன்னது என் தப்பு என்ற வரி கண்ணில் பட்டதும் கை நின்றது. அது அவருடைய வரி இல்லை. அவள் வரி.

கைபேசியை நிமிர்த்தி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உதடு அசையப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"நான் வந்துருச்சாம்னுதானே எழுதியிருக்கேன்."

"ஆமாண்ணே."

"அப்புறம் எப்படிக்கா..." என்று ஆரம்பித்தவர், அவளுக்கே வழி எடுத்துக்கொடுப்பதுபோலக் கேட்டார். "அவசரத்துல உங்க கண்ணுல படலையா?"

படவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அப்போதே மன்னித்திருப்பார், டீகூட வாங்கிக் கொடுத்திருப்பார்.

"பட்டுச்சுண்ணே. எழுதிட்டு, அழிச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு தன் தாளை எடுத்து, தன் தப்புதான் என்ற வரியைப் பேனாவால் அடித்து, திரும்ப அவள் முன்னால் வைத்தார்.

"அதையும் எழுதுங்க," என்றார். "இப்ப என்கிட்ட சொன்னீங்கள்ல, அப்படியே."

எழுதினாள். சூப்பர்வைசர் தான் கேள்விப்பட்டதாகவே தெரிவித்தார். அதை உறுதி என்று மாற்றியவள் நான். கவனக்குறைவால் அல்ல, தெரிந்தே மாற்றினேன். இதற்குக் கோட்டும் போடவில்லை, டையும் கட்டவில்லை. அவருடைய தமிழ்த் தகவலையும் கீழே இணைத்தாள். முதலாளிக்கும் ஒரு நகல் போட்டாள். இந்த நாற்காலி நாளைக்கு யாருக்கோ என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அனுப்புவதற்கு முன்னால் அவர், "தமிழ்ல ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க," என்றார். பதினாறு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

படித்துக் காட்டினாள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் அவர் கூர்ந்து கேட்டார்.